மெமரி ஃபோம், ஏர், ஜெல்: காலணிப் பெட்டியில் எழுதியிருப்பதும் காலுக்குக் கிடைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மெத்தையில் வரும் மெமரி ஃபோமும் ஷூவில் வருவதும் ஒன்றுதானா?

பொருள் ஒன்றுதான், ஆனால் அது தாங்க வேண்டிய பாரம் முற்றிலும் வேறு. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, விமான இருக்கைகளில் அமர்பவரின் உடலுக்கு இசைந்து கொடுக்கும் ஒரு நுரைப்பொருளைச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கினார். பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்த அந்த ஃபோமை அழுத்தினால் மெல்ல அமுங்கும். கையை எடுத்தால் உடனே எழாமல் மெல்ல எழும். உடல் சூட்டில் அது இன்னும் இளகும். இருக்கைக்கும் படுக்கைக்கும் இந்தக் குணங்கள் மிகவும் பொருந்துகின்றன.

காலணியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மெத்தையில் மல்லாந்து படுத்தால், அவருடைய உடல் ஏறத்தாழ 5,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மெத்தையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 14 கிராம் பாரம்தான் விழுகிறது. அதே மனிதர் எழுந்து நின்றால் இரண்டு பாதங்களுமாகச் சேர்ந்து தரையைத் தொடுவது சுமார் 200 சதுர சென்டிமீட்டர். இப்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 350 கிராமைத் தாங்குகிறது. நடக்கும்போது ஒற்றைக் குதிகால் ஊன்றும் கணத்தில், முழு எடையும் 30 சதுர சென்டிமீட்டருக்குள் இறங்குவதால், அது 2 கிலோவைத் தாண்டிவிடுகிறது. மெத்தையில் 14 கிராமுக்கு இதமாக இளகிக் கொடுக்கும் ஃபோம், 2 கிலோவுக்கு முன்னால் முழுவதுமாக அமுங்கித் தட்டையாகிவிடுகிறது. மெத்தையில் அது பல சென்டிமீட்டர் கனத்தில் இருக்கிறது. ஷூவில் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான் இருக்கிறது.

கடையில் போட்டுப் பார்த்தபோது பஞ்சின் மேல் நிற்பதுபோல் இருந்தது. வாங்கி இரண்டு வாரத்தில் கட்டைபோல் ஆகிவிட்டதே, ஏன்?

கடையில் நீங்கள் போட்டுப் பார்த்தது, அதுவரை யாரும் அழுத்தாமல் முழு உயரத்தில் எழுந்து நின்ற ஃபோம். இயல்பான நடையில் ஒரு கால் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை தரையில் ஊன்றுகிறது; அந்த ஒரு நொடியில் பாதிக்கு மேல் பாதம் தரையிலேயே இருக்கிறது, மீதி அரை நொடிக்கும் குறைவான நேரம்தான் காற்றில் இருக்கிறது. நல்ல மெமரி ஃபோம் பழைய உயரத்துக்கு மீள்வதற்குச் சில நொடிகள் ஆகும். ஆகவே முதல் எட்டில் முழு உயரமாக இருந்தது அடுத்த எட்டுக்குள் பாதிதான் எழுந்திருக்கும். பத்தாவது எட்டில் நீங்கள் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும் ஃபோமின் மேல்தான் நடக்கிறீர்கள். கடையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, நின்று, கண்ணாடி வரை நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்புகிற ஒருவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டு வாரத்தில் வருவது இதற்கு அடுத்த கட்டம். ஃபோமுக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளின் சுவர்கள், ஒரு நாளைக்குச் சில ஆயிரம் முறை நசுங்கி நசுங்கி மடிந்துபோகின்றன. பாதச் சூடும் வியர்வையும் அதை விரைவுபடுத்துகின்றன. ஓர் இரவு கழற்றி வைத்தால் கொஞ்சம் எழும், முழுவதும் எழாது. உள்ளே குதிகால் படும் இடத்தில் நிரந்தரமாக ஒரு பள்ளம் தெரிந்தால் அந்தப் பகுதியின் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

காலணித் தொழிலில் இருந்தபோது, "மெமரி ஃபோம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு ஷூவைக் குதிகாலிலிருந்து விரல் வரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. மேலே ஒரு மெல்லிய துணி. அதன் கீழே 3 மில்லிமீட்டர் சாம்பல்நிற ஃபோம். அதற்கும் கீழே கெட்டியான அட்டை, பிறகு ஈவிஏ என்ற எடை குறைந்த பிளாஸ்டிக் நுரையால் ஆன, 20 மில்லிமீட்டருக்கும் மேல் கனமான மிட்சோல் எனப்படும் நடு அடுக்கு, கடைசியில் தரையைத் தொடும் ரப்பர். விளம்பரம் முழுவதும் அந்த 3 மில்லிமீட்டரைப் பற்றியது; காலைத் தாங்கியதோ பெயரே குறிப்பிடப்படாத அந்த 20 மில்லிமீட்டர். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அறுத்துப் பார்த்த அந்த அடுக்குகளை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் ஷூவில் இருப்பது உண்மையான மெமரி ஃபோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டைவிரலால் ஓர் ஐந்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். விரல் பதிந்த குழி கண்ணுக்குத் தெரிந்து, மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மெமரி ஃபோம். விரலை எடுத்த கணமே பொசுக்கென்று எழுந்துவிட்டால் அது சாதாரண பாலியூரித்தேன் அல்லது ஈவிஏ ஃபோம். விலை குறைந்த காலணிகளில் இரண்டாவது வகைக்கே முதல் பெயரை வைத்து விற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டியதில்லை: முன்னர் சொன்ன நொடிக்கணக்கின்படி, உடனே எழும் அந்தச் சாதாரண ஃபோம்தான் அடுத்த எட்டுக்குத் தயாராக இருக்கும். நடப்பதற்கு அது பல நேரங்களில் நல்லதும்கூட.

அப்படியானால் மெமரி ஃபோமால் பயனே இல்லையா?

இருக்கிறது. அதிர்வைத் தாங்குவதைவிட இடைவெளியை நிரப்புவதில்தான் அதன் திறமை இருக்கிறது. கணுக்காலைச் சுற்றி வரும் பட்டையிலும், நாடாவுக்குக் கீழே வரும் நாக்கிலும் விழும் பாரம் மிகக் குறைவு என்பதால், அங்கே மெமரி ஃபோம் மெத்தையில் செய்கிற வேலையைச் செய்கிறது. எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் குழிந்து, ஒட்டாத இடத்தில் நிறைந்து, காலணி உராய்ந்து தோல் உரிந்துபோவதைக் குறைக்கிறது. உள்ளங்காலிலும், கெட்டியான மிட்சோலின் மேல் போட்ட மெல்லிய அடுக்காக இருந்தால், கட்டைவிரல் மூட்டுக்கு அடியில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் சற்றுப் பரவ உதவுகிறது.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் மாதத்தில் இளகிக் கிடக்கும் இந்த ஃபோம், உதகையில் டிசம்பர் மாத அதிகாலையில் கட்டியாக இருக்கும்; நடந்து பாதம் சூடான பிறகே இளகும். வெயில் காலத்தில் அது பாதச் சூட்டை உள்ளேயே பிடித்தும் வைக்கிறது. நம் ஊர்களில் நாள் முழுவதும் மூடிய ஷூ போடுகிறவர்களுக்கு இது சிறிய குறையன்று.

"ஏர்" என்று போட்டிருந்தால் உள்ளே உண்மையிலேயே காற்று இருக்கிறதா?

மூன்று விதமான பொருள்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

முதலாவது, காற்றுப் புகாமல் மூடிய ஒரு பிளாஸ்டிக் பையில் அழுத்தத்தோடு வாயுவை நிரப்பி, அதை மிட்சோலுக்குள் பதிப்பது. விண்வெளித் துறைப் பொறியாளரான ஃபிராங்க் ரூடி 1977-இல் இந்த யோசனையை நைக்கி நிறுவனத்திடம் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு அது டெயில்விண்ட் என்ற ஓட்டக் காலணியாக வந்தது. 1987-இல் வந்த ஏர் மேக்ஸ் காலணியில் பக்கவாட்டில் ஒரு சாளரம் வெட்டி, உள்ளே இருக்கும் பையை வெளியே தெரியும்படி வைத்தார்கள். இத்தகைய பைகளில் தொடக்கத்தில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற கனமான வாயுவை நிரப்பினார்கள். அதன் மூலக்கூறு பெரியது என்பதால் பிளாஸ்டிக் சுவரின் வழியாக எளிதில் கசியாது. அது வளிமண்டலத்தைச் சூடாக்கும் வாயு என்பதால் பின்னர் நைட்ரஜனுக்கு மாறினார்கள்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்மையானது: வாயு களைத்துப்போவதில்லை. பை ஓட்டையாகாத வரையில், ஓராண்டு கழித்தும் அது முதல் நாளைப் போலவே அமுங்கி எழும். ஆனால் பையைச் சுற்றிலும் இருப்பது ஃபோம்தான். அது வழக்கம்போலத் தேய்கிறது. மேலும், அழுத்தத்தோடு நிரப்பிய பை ஊதிய சைக்கிள் டியூபைப் போலக் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். "ஏர்" என்றவுடன் மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டாவது வகையில், சோலுக்குள் தேன்கூட்டைப்போல் வெற்றறைகள் விட்டு வார்த்திருப்பார்கள். 1960-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்டின் சோல் இவ்வாறு காற்றறைகள் கொண்டது. இங்கே காற்றுக்குத் தனி அழுத்தம் இல்லை; அறைகளின் சுவர்கள் வளைந்து கொடுப்பதால்தான் சோல் அமுங்குகிறது.

மூன்றாவது வெறும் பெயர். உள்ளே சாதாரண ஈவிஏ ஃபோம் இருக்கும். பக்கவாட்டில் ஒட்டிய பளபளப்பான பிளாஸ்டிக் துண்டு மட்டும் காற்றுப்பையைப் போலத் தோன்றும். நகத்தால் அந்த "சாளரத்தை" அழுத்திப் பாருங்கள். உள்ளே கொஞ்சமும் அசையாமல் ஓடுபோல இருந்தால் அது அலங்காரம்தான்.

ஜெல் இன்சோல் வாங்கலாமா? கையில் பிடித்தால் மிகவும் மென்மையாக இருக்கிறது.

கையில் பிடித்துப் பார்த்த அதே இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெல்லை உள்ளங்கையில் வைத்து மூடினால் அது விரலிடுக்குகளின் வழியாகப் பிதுங்குகிறது, அளவில் சுருங்குவதில்லை. ஃபோமுக்குள் பெரும்பகுதி காற்று என்பதால் அழுத்தினால் அது உண்மையிலேயே சிறியதாகிறது. சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் ஜெல்லுக்குள் காற்று இல்லை. எனவே பாரம் விழும்போது ஜெல் பக்கவாட்டில் நகர்ந்துதான் இடம் கொடுக்க முடியும். நகர இடம் இருந்தால் அது அழுத்தத்தைப் பரப்பும், தோலுக்கும் சோலுக்கும் இடையே வரும் இழுபறியையும் குறைக்கும். நாலாபுறமும் இறுக்கமான கெட்டிக் கிண்ணத்துக்குள் வைத்து அடைத்துவிட்டால், பிதுங்க வழியில்லாமல் அது கட்டியைப்போல் நடந்துகொள்ளும்.

அடுத்தது எடை. பாதம் முழுவதற்கும் 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஜெல் இன்சோல் வைத்தால் அதன் கன அளவு சுமார் 80 கன சென்டிமீட்டர். ஜெல்லின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அளவே என்பதால், ஒரு காலுக்கு 80 கிராம் கூடுகிறது. அதே அளவு ஈவிஏ 16 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். காலின் நுனியில் கூடும் எடையை ஒவ்வொரு எட்டிலும் தூக்கி வீச வேண்டியிருப்பதால், மாலையில் அது தெரியவரும். 1986 முதல் ஜெல் என்ற பெயரில் ஓட்டக் காலணி விற்கும் ஆசிக்ஸ் நிறுவனமும், பாதம் முழுவதும் ஜெல்லைப் பரப்பாமல், குதிகால் போன்ற அடிவிழும் இடங்களில் துண்டாகத்தான் வைக்கிறது. மற்ற இடமெல்லாம் ஃபோம்.

முதலில் தொடும்போது ஜெல் குளிர்ச்சியாக இருப்பதைப் பலர் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஃபோமைவிட வேகமாகப் பாதச் சூட்டை இழுத்துக்கொள்வதால் வரும் உணர்வு. ஜெல் பாதத்தின் சூட்டுக்கு வந்ததும் மறைந்துவிடும். வியர்வையையும் அது உறிஞ்சாது.

குதிகால் வலிக்கு ஜெல் அட்டை உதவுமா?

உள்ளங்கால் தசைநார் அழற்சியால் வரும் குதிகால் வலிக்கு, சிலிக்கோனில் செய்த சிறிய குதிகால் அட்டை பல பேருக்கு உதவுகிறது. 1999-இல் அமெரிக்காவில் 236 நோயாளிகளை எட்டு வாரம் கவனித்த ஓர் ஆய்வில், தசையை நீட்டும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் 72 விழுக்காட்டினரும், அதோடு ஆயத்த சிலிக்கோன் அட்டையும் போட்டவர்களில் 95 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டார்கள். அளவெடுத்துச் செய்த விலையுயர்ந்த அட்டை அதில் முந்தவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அட்டை போட்ட எல்லோரும் பயிற்சியும் செய்தார்கள் என்பதே. எட்டு வாரத்துக்குப் பிறகும் வலி குறையாவிட்டால் அட்டையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காலில் போட்டால் மறுகாலிலும் போட வேண்டும்; இல்லையென்றால் இரண்டு கால்களின் உயரமும் வேறுபட்டுவிடும்.

நான் செவிலியர். நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்பதும் நடப்பதுமாக இருக்கிறேன். மூன்றில் எதை வாங்குவது?

பெயரைப் பார்க்காமல் மிட்சோலைப் பாருங்கள் என்பதே என் பதில். எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் இதே கேள்வியோடு வந்தார். மெமரி ஃபோம் என்று எழுதிய, கையால் மடித்தால் இரண்டாக மடங்கும் மெல்லிய ஷூ ஒன்றை வாங்கியிருந்தார். முதல் வாரம் சொகுசாக இருந்ததாகவும், பிறகு பணி முடியும் நேரத்தில் விரல்களுக்குப் பின்னால் உள்ள பகுதி எரிவதாகவும் சொன்னார். இன்சோலைக் கழற்றி விளக்கின்முன் பிடித்தோம். விரல்மூட்டுகள் படும் இடத்தில் ஃபோம் காகிதம்போல் நசுங்கி, வெளிச்சம் ஊடுருவியது. அதன் கீழே மிட்சோலின் கனம் அளவுகோலில் 8 மில்லிமீட்டர். மேலடுக்கு ஓய்ந்தபிறகு அவரைத் தாங்க ஷூவில் வேறு எதுவும் இல்லை.

அடுத்த ஜோடியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பார்த்தவை இவைதாம். இன்சோலைக் கழற்றிவிட்டு வெறும் மிட்சோலின் மேல் நின்றபோதும் ஓரளவு இதமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலடுக்கு போனாலும் ஷூ நிற்கும். ஷூவை முன்னும் பின்னுமாகப் பிடித்து வளைத்தால் விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடியக்கூடாது. குதிகாலின் பின்சுவர் கட்டைவிரலுக்குச் சட்டென்று சரியக்கூடாது. பாதம் மாலையில் சற்று வீங்கும் என்பதால், பணி முடிந்த பிறகு கடைக்குப் போய், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு வாங்கச் சொன்னேன். பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.

நீண்ட நேரம் நிற்பவர்களுக்கு மிகவும் இளகிய சோல் நல்லதென்று நினைப்பதும் தவறு. மணலில் நிற்பதுபோல் பாதம் ஓயாமல் அசைந்து நிலைகொள்ள வேண்டியிருப்பதால், கணுக்காலும் கெண்டைக்காலும் அதற்கென்றே உழைக்கின்றன. கட்டைவிரலால் வலுவாக அழுத்தினால் சற்றே குழியும் அளவுக்கு மேல் மென்மை தேவையில்லை.

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு ஜெல் இன்சோல் வாங்கித் தரலாமா?

பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இருக்கிற ஷூவுக்குள் கூடுதலாக எதையும் வைக்காதீர்கள். 4 மில்லிமீட்டர் அட்டையை உள்ளே வைத்தால் பாதம் 4 மில்லிமீட்டர் மேலே ஏறி, விரல்களின் மேல்பகுதி ஷூவின் கூரையில் உராயும். நமக்கு அது கடிக்கும், கழற்றிவிடுவோம். உணர்வில்லாத பாதத்துக்கு மாலையில் புண் தெரியும்போதுதான் தெரியும்.

இத்தகைய பாதங்களுக்கு எது பொருந்தும் என்ற அறிவில் பெரும்பகுதி நம் வேலூரிலேயே வளர்ந்தது. 1946-இல் அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்களுக்கு, உணர்வற்ற பாதத்தின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தம்தான் முதன்மைக் காரணம் என்று காட்டினார். அதிலிருந்து வழக்கத்துக்கு வந்ததே எம்.சி.ஆர். செருப்பு: மேலே மென்மையான நுண்ணறை ரப்பர், கீழே முள்ளும் கல்லும் ஏறாத, எளிதில் வளையாத கெட்டி சோல். மெமரி ஃபோமைப்போல் அது இளகித் தட்டையாவதில்லை. அழுத்தத்தைப் பரப்பிவிட்டு உடனே எழுகிறது. சர்க்கரை நோய்ப் பாதப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் அப்பாவின் பாதத்தை அளந்து, அவருக்கு ஏற்றதைச் சொல்வார்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

தனி இன்சோல் என்றால் பள்ளம் நிலையாகத் தெரியும்போது மாற்றிவிடலாம். ஷூவை மாற்ற வேண்டியதில்லை. ஓடுவதற்கான ஷூக்களுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நடைக்கு அப்படிக் கணக்கிட முடியாது என்பதால், மிட்சோலின் பக்கச்சுவரைப் பாருங்கள்: குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்து, கால் வைக்காதபோதும் அவை மறையாமல் இருந்தால் உள்ளே ஃபோம் சரிந்துவிட்டது. மேசைமேல் இரண்டையும் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒன்று சாய்ந்து நின்றாலும் அப்படியே.

போடாமல் அலமாரியில் வைத்திருந்த ஷூவும் கெடும். பாலியூரித்தேன் சோல், காற்றிலுள்ள ஈரப்பதத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஐந்தாறு ஆண்டு பெட்டியிலேயே இருந்து, ஒரு கல்யாணத்துக்கென்று எடுத்து மாட்டிய ஷூ, மண்டபத்துப் படியில் ஏறும்போதே அடியில் உதிர்ந்து, நடந்த வழியெல்லாம் கறுப்புப் பொடியாய்க் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய ஷூவை எடுக்கும்போது, முதலில் சோலின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ பொருக்காகவோ இருந்தால் அன்றைக்கு அதை அணிந்து வெளியே போக வேண்டாம்.